ஐம்பத்தேழாம் சேனல்

ஸ்வீடனில், நோர்ஷோபிங் நகரக் காகித ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர் ஸ்டூரே லிண்ட்மார்க். ஓய்வு பெற்றபின் அவர் கைக்கு மிஞ்சியது டிவி ரிமோட் ஒன்றுதான். அதை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. சோபாவின் வலது கைப்பிடியில் அது இருக்கும். அதன்மேல் அவர் கை இருக்கும். மேலும் கீழும் பட்டனை அமுக்கிச் சேனல் சேனலாகத் தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும்.

"எண்ணைத் தட்டுங்கப்பா! தட்டிட்டு ஓகேவை அமுக்கணும். இல்லேன்னா இன்னொரு எண் வருமோன்னு பெட்டி கொஞ்ச நேரம் காத்துக்கிட்டே நிக்கும்" என்று விருந்தாளிகளுக்குக்கூட வகுப்பெடுப்பார்.

செய்திக்கு ஒன்று, பனிச்சறுக்குக்கு முப்பத்திரண்டு. எண்களெல்லாம் அவருக்கு விரல் நுனியில். மனைவி குன்வோர் பக்கத்தில் பின்னிக்கொண்டிருப்பாள். என்ன ஓடுகிறதோ அதைப் பார்ப்பாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. செவ்வாயும் வியாழனும் ஆலை நண்பர்களோடு ஆடும் இரும்புக் குண்டு உருட்டும் ஆட்டத்துக்குக் கிளம்பும்முன், பனிச்சறுக்கு பார்த்துக்கொண்டிருந்த ஸ்டூரே, வானிலை தெரிந்துகொள்ள ஒன்றாம் சேனலுக்கு மாறினார். அப்படியே கிளம்பிப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோதும் திரையில் ஒன்றுதான் இருந்தது. வளைந்த அம்புக்குறி போட்ட பட்டனை அமுக்கினார். கடைசியாகப் பார்த்த சேனலுக்குத் தாவும் பட்டன் அது. முப்பத்திரண்டு வரவேண்டும்.

வந்தது ஐம்பத்தேழு. இரண்டு சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு குதிரைகள், பாயாமல் துள்ளுநடையிலேயே, வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன.

"குன்வோர், இது யாரு போட்டது?"

"எது?" சமையலறையிலிருந்தே கேட்டாள். "துடைக்கறப்போ கை பட்டிருக்கும்."

ஐந்தையும் ஏழையும் சேர்த்து ஒரு துணி அமுக்குமா? ஸ்டூரே போய்ப் பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்து பார்த்தார். காப்பிக் கோப்பை இரண்டு. ஏலக்காய் பன் வைத்த தட்டும் இரண்டு.

மாடி வீட்டு ஹோல்கர் மனைவியை இழந்தவர். அறுபத்தெட்டு வயசிலும் தலைமுடி அடர்த்தி. குதிரைப் பந்தய மைதானத்தில்தான் பாதி நாள் கிடப்பார். போன மாதம் டிவிக்குப் புதுப் பெட்டி வந்தபோது ஸ்டூரே பல் டாக்டரிடம் போயிருந்தார். அன்று ஹோல்கர்தான் இறங்கி வந்து எல்லாம் மாட்டிக்கொடுத்தார். "அவன் வந்து எல்லாம் சரி பண்ணிட்டான்" என்று குன்வோர் அன்று சொன்ன குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததே, அது இப்போது ஸ்டூரேக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அடுத்த முறை வேண்டுமென்றே பொறி வைத்தார். கிளம்பும்முன் இரண்டாம் சேனலுக்குப் போய், பிறகு ஒன்றுக்கு வந்தார். யாரும் தொடாவிட்டால் அம்புக்குறி இரண்டைத்தானே காட்டவேண்டும்? திரும்பி வந்து அமுக்கினார். மறுபடியும் குதிரைகள்.

இதய வடிவப் பட்டனை அமுக்கினார். பிடித்த சேனல்களின் பட்டியல் விரிந்தது. பழைய பெட்டியில் அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, புதியதற்கும் அப்படியே வந்த பட்டியல். எண்ணையே தட்டுகிறவர் அதைத் திறந்து பல வாரம் ஆகியிருந்தது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே, செய்திக்கும் மேலே, ஐம்பத்தேழு உட்கார்ந்திருந்தது.

'என் வீட்டுக்குள்ள வந்து, என் பட்டியல்ல, எனக்கு மேலேயே ஏறி உக்காந்திருக்கானே!'

உடனே நீக்கினார். குன்வோர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அடுத்த வியாழனும் அம்புக்குறி ஐம்பத்தேழைத்தான் காட்டியது. பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, எண்ணை நேராகத் தட்டியிருக்கிறாள். முப்பத்திரண்டு என்ன சேனல் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. இந்த எண்ணை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். நீக்கியபோது இருந்த கோபத்தைவிட இது அவரை அதிகமாக எரித்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை குண்டுப் பையோடு கிளம்பி டிராம் நிறுத்தம் வரை போனார். டிராம் வந்தது. ஏறவில்லை. திரும்பி நடந்தார்.

கதவுக்கு வெளியிலேயே குன்வோரின் குரல் கேட்டது. "நிதானம்டா செல்லம், நிதானம்! பாய்ஞ்சுடாதே! அப்படித்தான், அப்படித்தான் என் தங்கமே!"

ஸ்டூரேயைப் பார்த்து அவள் இப்படிச் சொல்லி எத்தனை வருஷம்? கூடவே ஓர் ஆண் சிரித்தான். ஸ்டூரே கதவைத் தள்ளினார்.

ஹோல்கர் ஜன்னலோரம் மர நாற்காலியில், மடியில் தட்டோடு இருந்தார். குன்வோர் சோபாவின் வலது மூலையில், ஸ்டூரேயின் இடத்தில், நுனியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ரிமோட். கன்னம் சிவந்திருந்தது.

"என்னய்யா, ஆட்டம் இல்லையா இன்னிக்கு?" என்றார் ஹோல்கர்.

"இங்கதான் ஆட்டம் நடக்குதே. தங்கமாம், செல்லமாம்."

"அது நாலாம் நம்பர் குதிரைப்பா" என்று சொல்லிவிட்டு, ஹோல்கர் ஒரு முறை குன்வோரைப் பார்த்தார், ஒரு முறை ஸ்டூரேயைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

குன்வோர் ஒலியைக் குறைத்தாள். அணைக்கவில்லை.

"பொறி வைக்கிறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? கிளம்பறப்போ ரெண்டுக்குப் போயி ஒண்ணுக்கு வர்றே."

"தெரிஞ்சுமா அப்படியே விட்டே?"

"மறைக்கணும்னா நானும் இன்னும் ரெண்டு சேனல் தட்டி அழிச்சிருப்பேன். நீ வாயைத் திறந்து கேக்கறியான்னு பாத்தேன்."

"அவனோட உக்காந்து குதிரை பாக்கற அளவுக்கு..."

"எங்கப்பா லாயம் வெச்சிருந்தாரு ஸ்டூரே. நான் பன்னெண்டு வயசுல வண்டி ஓட்டினவ. கல்யாணமான புதுசுல நீ என்ன சொன்னே? என் மேல குதிரை நாத்தம் அடிக்குதுன்னே. அதுக்கப்புறம் நான் அதைப் பேசினேனா?"

ஸ்டூரேக்கு அப்படிச் சொன்னது நினைவில்லை. சொல்லியிருப்போம் என்றும் தோன்றியது.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே. நான் வெச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"ரிமோட்டைக் குடுன்னு உன்கிட்ட கேக்கறதா?" சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "அவன் பெட்டியை மாட்டிட்டு என்ன கேட்டான் தெரியுமா? 'உனக்கு எது பிடிக்கும் சொல்லு, முதல்ல வைக்கறேன்'னான். இந்த வீட்டுல அப்படி என்னை யாரும் கேட்டதில்லே."

அவள் அவனுக்காக முடியை வாரிக்கொண்டாள் என்று சொல்லியிருந்தால்கூட ஸ்டூரே தாங்கியிருப்பார். மற்றொருவன் கேட்ட அந்தச் சின்னக் கேள்விதான் அவரை உலுக்கியது. இத்தனை வருஷத்தில் தான் கேட்டிருக்கக்கூடியது. பைசா செலவில்லாதது. அதைக் கேட்ட முதல் ஆள் ஹோல்கர் என்பதை இனி யாராலும் மாற்ற முடியாது.

சோபாவின் இடது மூலையில் போய் உட்கார்ந்தார். கையை நீட்டினார். குன்வோர் தயங்கி ரிமோட்டைக் கொடுத்தாள். பட்டியலைத் திறந்து ஐம்பத்தேழைச் சேர்த்தார். நகர்த்தி நகர்த்தி உச்சிக்குக் கொண்டுபோனார். ரிமோட்டை அவள் பக்கமே வைத்தார்.

"அவன் வெச்ச இடத்துலயே வெச்சிருக்கேன். போதுமா?"

"நாலாம் நம்பர் ஜெயிச்சுடுச்சு. பேசிக்கிட்டே கோட்டை விட்டுட்டேன்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை ஆட்டத்தை ஸ்டூரே விட்டுவிட்டார். முட்டி வலி என்று நண்பர்களிடம் சொன்னார். ஹோல்கர் வந்தால் கதவைத் திறப்பதும் அவர்தான், காப்பி ஊற்றுவதும் அவர்தான். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார். துள்ளுநடையை விட்டுப் பாய்ந்து ஓடினால் குதிரையை ஏன் பந்தயத்திலிருந்து நீக்குகிறார்கள் என்று ஹோல்கர் விளக்க வந்தால், "எனக்குத் தெரியும்யா" என்பார். தெரியாது. ராத்திரி தனியாகக் குன்வோரிடம் கேட்டுக்கொள்வார்.

பனிச்சறுக்குப் போட்டியும் பந்தயமும் ஒரே நேரத்தில் வரும் நாட்களில் குன்வோர் முப்பத்திரண்டு தட்டுவாள், பிறகு ஐம்பத்தேழு. அதற்கப்புறம் எண்ணே வேண்டாம். அம்புக்குறியை அமுக்க அமுக்க இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் குதிரை. அவள் விரல் அவரைவிட வேகம். குதிரைகள் கடைசி வளைவில் திரும்பும்போது அவளும் ஹோல்கரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடிப்பார்கள். ஸ்டூரேக்கு மட்டும் அது எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும்.