முழுசாக ஒடித்தால் வரும் சத்தம்

அந்த டிரைவிங் ஸ்கூலில் சேருகிறவர்கள் முதல் மூன்று நாளும் பிரேக்கைத் தவிர வேறெதையும் கற்றுக்கொண்டதில்லை. அதனால் அங்கே சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்கு ‘பிரேக் டீச்சர்’ என்று பெயர். கூப்பிடுகிறவர்களுக்கு அது கிண்டல். அவருக்கு அது பட்டம் மாதிரி.

பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். முப்பத்தெட்டு வயதில் கணவரை விட்டுப் பிரிந்து வந்தபோது, தம்பி ஒரு பழைய காரை வாங்கி ஸ்கூல் ஆரம்பித்திருந்தான். “பொம்பளைங்க கத்துக்க வர்றாங்க, சொல்லிக் கொடுக்க ஒரு பொம்பளை வேணும்” என்றான். பன்னிரண்டு வருடத்தில் அறுநூறு பேருக்கு மேல் சொல்லிக்கொடுத்துவிட்டார். அவர்களில் யாரும் பெரிதாக எங்கும் மோதியதாகச் செய்தி வந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மைதானத்தில் எட்டுப் போடும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு நர்ஸ். நடமாடும் மருத்துவ வண்டியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது; வண்டியையும் அவளே ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டவில்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வியாழக்கிழமை டெஸ்ட்.

ஸ்டீயரிங்கை இடதுபக்கம் முழுசாக ஒடித்து அவள் மெல்ல நகர்ந்தபோது, முன்பக்கம் வலது சக்கரத்தருகே ‘டிக்… டிக்… டிக்’ என்று கேட்டது. நேராக வந்ததும் நின்றுவிட்டது.

“மறுபடியும் அதே மாதிரி ஒடிம்மா” என்றார் டீச்சர்.

மறுபடியும் கேட்டது. ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினால் சத்தம் நெருங்கி வந்தது. வலதுபக்கம் ஒடித்தபோது ஒன்றுமில்லை.

“ஏதாவது தப்பாப் பண்றேனா டீச்சர்?”

“நீ சரியாத்தான் பண்றே.”

பத்து மணிக்கு வண்டி மெக்கானிக்கின் ஜாக்கி மேல் நின்றது. அவர் வலது சக்கரத்துக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கறுப்பு கிரீஸ், அதில் மணல்.

“ரப்பர் உறை கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு போல. பாருங்கம்மா, கிரீஸ் எல்லாம் சக்கரத்தோட உள்பக்கம் தெறிச்சிருக்கு.”

“சி.வி. ஜாயிண்ட்டா, அண்ணே?”

“அதேதான். கியர்பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்குப் போற தண்டு இது. சக்கரம் திரும்பினாலும் சுத்திக்கிட்டே இருக்கணுமில்ல, அதுக்குத்தான் முனையில இந்தக் கிண்ணமும் உள்ள ஆறு குண்டும். கிரீஸ் போய் மணல் புகுந்துட்டா குண்டு ஓடுற தடம் தேஞ்சு பள்ளமாயிடும். ஒடிச்சு இழுக்கும்போது குண்டு பள்ளத்துல குதிக்குது. அதான் டிக் டிக்.” தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருகினார். லொடலொடவென்றது. “உங்க வண்டி நாள் பூரா ஒடிச்சு ஒடிச்சுத்தானே ஓடுது. சீக்கிரமே போயிடும்.”

“புதுசு எப்ப வரும்?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

“அதுவரைக்கும் ஓடுமா?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு மாசமும் ஓடும், ரெண்டு நாள்ல உடையவும் செய்யும். நேரா போனா அதுக்குப் பெரிசா பாரமில்ல. முழுசா ஒடிச்சு ஏத்தத்துல இழுத்தா மட்டும் நான் பொறுப்பில்ல.”

டெஸ்ட் மைதானத்தின் ஏற்றம் ஒரு வளைவில்தான் இருக்கிறது. வளைவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். அது மூன்று பேருக்கும் தெரியும்: மெக்கானிக்குக்கு, டீச்சருக்கு, அப்போதுதான் வந்து நின்ற தம்பிக்கு.

“இன்னொரு வண்டி பெயின்ட் கடையில கிடக்கு” என்றான் தம்பி. “ஒரே ஒரு ஏத்தம்க்கா. பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்.”

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வாய் திறப்பதற்கு முன்பே தான் முடிவு பண்ணிவிட்டதாகத்தான் சொன்னார். பக்கத்து ஸ்கூலில் வண்டி கேட்டிருக்கலாம். பழகாத வண்டியில் அவள் தடுமாறுவாளே என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். நர்ஸிடம் எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணி. நர்ஸின் பக்கத்து இருக்கையில் டெஸ்ட் அதிகாரி ஏறிக்கொண்டார். டீச்சரும் தம்பியும் கம்பிவேலிக்கு வெளியே நின்றார்கள். எட்டுப் போட்டபோது சத்தம் அங்குவரைக்கும் கேட்டது. அதிகாரி தலையைச் சாய்த்து வலது சக்கரத்தின் பக்கம் காதுகொடுப்பது தெரிந்தது. டீச்சர் வேலியைப் பிடித்திருந்த கையை எடுக்கவேயில்லை.

வண்டி ஏற்றத்தில் ஏறி, இடது வளைவில் நின்றது. கீழே, வண்டிக்கு நேர் பின்னால், சாய்ந்துபோன அடையாளக் கூம்பை நிமிர்த்திக்கொண்டிருந்தார் மைதானத்து ஊழியர். முதுகு வண்டியின் பக்கம்.

“அண்ணே, தள்ளுங்க” என்றார் டீச்சர். அவர் காதுக்கு அது எட்டவில்லை.

நர்ஸ் கிளட்சை விட்டாள். டிக், டிக், பிறகு இரும்பை இரும்பால் அடித்தது போல ஒரு ‘டப்’. எஞ்சின் அலறியது. வண்டி முன்னால் வரவில்லை. தண்டு வெறுமனே சுற்றியது, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. வண்டி பின்னால் சரிந்தது. ஓரடி, இரண்டடி. ஊழியர் சத்தம் கேட்டுத் திரும்பினார், கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மூன்றாவது அடியில் வண்டி நின்றது. பிரேக் விளக்கு எரிந்தது. கை பிரேக் இழுபடும் கரகரப்பு கேட்டது. பிறகு எஞ்சின் அணைந்தது.

ஊழியருக்கும் வண்டிக்கும் இடையே ஒரு ஆள் படுக்கும் தூரம் இருந்தது.

டீச்சரும் தம்பியும் உள்ளே ஓடினார்கள். அதிகாரி இறங்கி வந்தார். குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தார். உடைந்த இரும்புத் துண்டும் ஒரு குண்டும் தரையில் கிடந்தன.

“இது இன்னிக்கு வந்ததில்ல” என்றார். “யாருக்காவது தெரியுமா?”

“நல்லாத்தான் சார் ஓடிட்டிருந்துச்சு” என்றான் தம்பி. அக்காவின் முழங்கையை மெல்ல அழுத்தினான்.

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டார். “எனக்குத் தெரியும் சார். செவ்வாய்க்கிழமையே தெரியும். ஏத்தத்துல ஒடிச்சு இழுத்தா பொறுப்பில்லன்னு மெக்கானிக் சொன்னார். நான்தான் கொண்டு வந்தேன்.”

நர்ஸ் இன்னும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கால் பிரேக்கிலேயே இருந்தது.

“தெரிஞ்சா என்னை ஏத்திவிட்டீங்க, டீச்சர்?”

“ஆமா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்குப் பயமாயிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

டீச்சர் குனிந்து, தரையில் கிடந்த குண்டைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி கடுமையானவர், ஆனால் குருட்டுத்தனமானவர் இல்லை. வண்டிக் கோளாறால் டெஸ்ட் பாதியில் நின்றது என்று எழுதி, மறுநாள் காலை முதல் ஆளாக நர்ஸை வரச்சொன்னார். பக்கத்து ஸ்கூலின் வண்டியைக் கேட்டு வாங்கித் தந்தது டீச்சர்தான். செவ்வாய்க்கிழமையே செய்திருக்க வேண்டிய காரியம், அரை மணி நேரத்தில் முடிந்தது. பழகாத வண்டியில் நர்ஸ் ஒரு தடவை எஞ்சினை அணைத்துவிட்டாள். இருந்தாலும் தேறினாள்.

டீச்சருக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுக்கத் தடை. தம்பி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?” என்று ஒருநாள் கேட்டான். “அந்தக் கூம்பு அண்ணனுக்கு ரெண்டு பிள்ளைங்கடா” என்றார் அவர்.

அந்த மூன்று மாதமும் அவர் ஸ்கூல் அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பினார். ஒரு மத்தியானம் போனில் செய்தி வந்தது. நர்ஸிடமிருந்து. ‘வேலையில சேர்ந்துட்டேன். வண்டி நல்லா ஓடுது.’ அவ்வளவுதான். டீச்சர் என்று ஆரம்பிக்கவும் இல்லை, நன்றி என்று முடிக்கவும் இல்லை.

அவர் அதை மூன்று தடவை படித்தார். ‘பார்த்துப் போம்மா’ என்று அடித்தார். அனுப்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அனுப்பினார்.