அழிக்காத வரி

துறைத்தலைவர் பதவிக்கு நானும் நிற்கிறேன் என்று சொன்னபோது எனக்கு நாற்பத்தேழு வயது. தென்காசியில் ஒரு தனியார் கல்லூரி, தமிழ்த்துறை. பதவிக்கு நிற்பவர்களுக்கெல்லாம் வேறு துறையிலிருந்து ஒரு வழிகாட்டி. எனக்கு வாய்த்தவர் வணிகவியல் தலைவர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஒன்று விட்டு ஒரு புதன்கிழமை, அரை மணி நேரம், இருவர் மட்டும்.

பேசியதை நான்தான் எழுத வேண்டும். இலக்கு என்ன, என்ன ஆலோசனை கிடைத்தது, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார். அன்றைக்கே அவருக்கு நகல் போகும். பிழையிருந்தால் இரண்டு நாளில் அவர் திருத்தலாம். மூலம் என்னிடமே இருக்கும்.

மூன்றாம் சந்திப்பு குற்றாலத்தில் நடந்தது. ஊரெல்லாம் சாரல், அவர் வீட்டுக்கு வந்திருந்த விருந்தினரை அருவிக்கு அனுப்பிவிட்டு அவர் காரிலேயே பேசினோம். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முன் துறையின் பாடத்திட்டக் கூட்டத்தை நான் நடத்திக் காட்ட வேண்டும், அதுதான் இலக்கு. துறையின் மூத்தவர்கள் மூவரிடமும் முன்னதாகத் தனித்தனியே பேசிவிடுங்கள் என்பது அவர் ஆலோசனை. பேசுவது என் பொறுப்பு. கூட்டத்தை நான் நடத்துவதாகத் திங்களுக்குள் கல்லூரி முதல்வரிடம் சொல்லி வைப்பது அவர் பொறுப்பு. நகலுக்கு வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரலை உயர்த்தினார்.

நான்காம் சந்திப்பில் அந்தக் கட்டைவிரல் மடங்கிவிட்டது. முதல்வரிடம் அவர் சொல்லவே இல்லை. கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

"யக்கா, அந்த வரிய எடுத்துருங்க. நாம சும்மா பேசிக்கிட்டிருந்ததுதான?"

குறிப்புத் தாளை அவர் பக்கம் திருப்பினேன். மூத்தவர்களில் இருவரிடம் பேசியாயிற்று. மூன்றாமவருக்கு நேராக 'செய்யவில்லை, பயம்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

"நான் செய்யாததும் இதுல கெடக்கு தம்பி. அதையும் எடுத்துரவா?"

"கவிதை எழுதுத ஆளு, கோர்ட்டு குமாஸ்தா கணக்கால்லா பேசுதீங்க."

"கவிதையில வரிய எடுப்பேன். இதுல எடுக்க மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான். அவர் பொறுப்புக்கு எதிரே 'நடக்கவில்லை' என்று எழுதினேன். அதன் கீழே புதிதாக: முதல்வரிடம் நானே கேட்பேன், இன்று, நாலு மணிக்குள். மூன்றாமவரிடம் நாளை.

மூன்றே முக்காலுக்கு முதல்வர் அறை. உங்க வழிகாட்டி ஒண்ணும் சொல்லலையே என்றார் அவர். தாள் கைப்பைக்குள்தான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. அது எங்கள் இருவருக்கிடையே உள்ளது. ஒருவரை மாட்டிவிட நான் அதை எழுதவில்லை. கூட்டத்தை நடத்த அனுமதி கேட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றேன். நின்றுகொண்டே கேட்டேன்.

நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, நீங்களே நடத்துங்க என்றார்.

அன்றைய நகலையும் வழிகாட்டிக்கு அனுப்பினேன், 'நடக்கவில்லை' உட்பட. இரண்டு நாள் கெடு கழிந்தது. அவர் எதையும் திருத்தவில்லை.