அறுந்த சப்டைட்டில்

எங்கள் ஆபீசில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். படங்களுக்கு சப்டைட்டில் போடும் இடம் எங்களுடையது. வந்த ஃபைல்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தால் பெரிய விஷயம்.

அன்று அவள் கால் தரையில் படவே இல்லை. காது கேளாதவர்களுக்கென்று மூன்று மணிக்கு ஒரு காட்சி. பிறவியிலேயே காது கேட்காத அவளுடைய தங்கையும் வருகிறாள். தியேட்டர் பக்கமே வரமாட்டேன் என்றிருந்தவளைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய ஃபைலை மதியம்தான் இறக்கினோம். இடையில் நெட் போய்ப் போய் வந்தது. முதலாளி முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். எழுத்தும் பேச்சும் கச்சிதமாகப் பொருந்தின.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். தியேட்டருக்கு அனுப்பிடும்மா."

"பானை பாதிதான் இருக்கான்னு பாக்க வேணாமா சார்?"

முதலாளியோடு நானும் சிரித்தேன். அவள் ஃபைலை நோட்பேடில் திறந்து நேரே அடிக்குப் போனாள். கடைசி வரி திரையில் வரும் நேரக்குறி ஒரு மணி முப்பத்தொன்றாம் நிமிடம். படமோ ஒரு மணி ஐம்பத்து நான்கு.

"கடைசியில பேரெல்லாம் ஓடும்மா. பேச்சில்லாத சண்டையாக்கூட இருக்கலாம்," என்றார் முதலாளி.

அவர் சொன்னதும் நியாயம்தான். நேரத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அவள் நகம் கடித்தபடி கடைசி வரியைக் காட்டினாள்: "கதவைத் திறக்காதே, உள்ளே இருப்ப". அவ்வளவுதான். சொல்லே பாதியில் நின்றிருந்தது. படத்தை அந்த இடத்துக்கு நகர்த்தி ஹெட்போனை முதலாளியின் காதில் மாட்டினாள். அதற்குப் பிறகும் ஆட்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

வெறும் எழுத்து ஃபைல் பாதியில் அறுந்தாலும் முறையாகத் திறக்கும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

மறுபடி இறக்கினோம். இம்முறை கடைசி நேரக்குறி ஒரு மணி நாற்பத்தொன்பது. வரி: "வா, வீட்டுக்குப் போகலாம்." படத்தின் கடைசிப் பேச்சும் அதுவேதான். அதன் பிறகு பெயர்கள் மட்டும் ஓடின. கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள்.

காட்சியில் தங்கைக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. பம்பரம் பின்னால் நின்றுகொண்டே பார்த்தாள். விளக்கு எரிந்ததும் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் கையால் ஏதோ வேகமாகச் சொன்னாள். பம்பரம் அப்படியே இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி சொல்றா?" என்று கேட்டேன்.

"முன்னாடி ஒரு படத்துல பாதிக்கு மேல எழுத்தே வரலையாம். எல்லாரும் வாயசைச்சுக்கிட்டே இருந்தாங்களாம். மத்தவங்களுக்கெல்லாம் புரியுது, நமக்குத்தான் புத்தி பத்தலைன்னு நெனச்சு, யார்கிட்டயும் கேக்காம எழுந்து வந்துட்டாளாம்."