அக்கா அனுப்பின போட்டோ

திருப்போரூர்ல ஒரு துணிக்கடையில புடவை எடுத்துக் காட்டுறது என் வேலை. பகலெல்லாம் கலர் கலரா விரிச்சுப் போட்டுட்டு, வூட்டுக்கு வந்தா ஃபோன்ல ரீல்ஸ் தள்ளிக்கினே உக்காந்திருப்பேன். அடுப்புல தீயுற வாசனை வந்தாத்தான் தலையைத் தூக்குவேன். எம்பொண்ணு திட்டித் தீர்த்தா. எனக்கும் என் மேலயே எரிச்சல். "இன்னா பண்ணணுமோ பண்ணித் தொலை"ன்னு ஃபோனை நீட்டிட்டேன்.

ரீல்ஸுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்னு லிமிட் போட்டா. பாஸ்கோடை அவளே வச்சுக்கினா. அப்புறம் ஆக்சஸிபிலிட்டிக்குள்ள போயி, கலர் ஃபில்டர்ல கிரேஸ்கேலை ஆன் பண்ணினா. ஸ்கிரீன் மொத்தமும் கருப்பு வெள்ளை. "கலர் இல்லன்னா கண்ணு இழுக்காதும்மா. வேணும்னா சைடு பட்டனை மூணு தடவை அழுத்து, கலர் வந்துடும்"னு அதையும் செட் பண்ணிக் குடுத்தா. நெசமாவே தள்ளுறது குறைஞ்சுது. போகப் போக, ஃபோன்ல கலர் இல்லன்றதே மறந்துபோச்சு. சாம்பாரும் சாம்பல், சாமி படமும் சாம்பல்.

செங்கல்பட்டுல சித்தப்பா பேத்தி கல்யாணம். அன்னிக்குக் காலையில, படாளத்துல இருக்குற எங்கக்கா வாட்ஸப்புல போட்டோ அனுப்புச்சு. புடவை கட்டிக்கினு கண்ணாடி முன்னாடி நின்னுது. மாமா போனதுல இருந்து அது மங்கின சந்தனக் கலரைத் தாண்டினதில்ல. கட்டாதேன்னு யாரும் சொல்லல, அதுவாவே அப்படி ஆயிடுச்சு. கீழ எழுதியிருந்துது: "கலரெல்லாம் உனக்குத்தான் தெரியும். இதைக் கட்டிக்கினு வரலாமா?"

எனக்குக் கிளம்புற அவசரம். திரும்பவும் அதே மங்கல்தானான்னு கோவம் வந்துச்சு. "வாணாம்க்கா. உனக்கு இந்தக் கலரே வாணாம். வேற கட்டு"ன்னு வெடுக்குனு வாய்ஸ் அனுப்பினேன். "சரி"ன்னு ஒரே வார்த்தை வந்துச்சு.

மண்டபத்துக்குப் பழைய சந்தனக் கலர்லயே வந்து நின்னுது. "இன்னாக்கா, திருந்தவே மாட்டியா?"ன்னு சிரிச்சேன். பந்தியில உக்காந்தப்போ எம்பொண்ணு என் காதுல கேட்டா: "பெரியம்மா எனக்கும் அனுப்பியிருந்தாங்களே, அந்தக் கிளிப்பச்சையை ஏன் மாத்திட்டாங்க?"

அவ ஃபோனைப் புடுங்கிப் பாத்தேன். அதே போட்டோ. கிளிப்பச்சைன்னா அப்படியொரு கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் பார்டர். அக்கா மூஞ்சியில கொஞ்சூண்டு வெக்கம் வேற. அடிப்பாவி, மூணு தடவை அந்தப் பட்டனை அழுத்தினா என் விரலு தேஞ்சா போயிருக்கும்! இலையை மூடிட்டு எழுந்தேன்.

கை கழுவுற இடத்துல அக்கா கையைப் புடிச்சுக்கினு கருப்பு வெள்ளை, பட்டனு எல்லாத்தையும் கொட்டினேன். "சத்தியமா எனக்குப் பச்சை தெரியலக்கா. அடுத்த விசேஷத்துக்கு அதையே கட்டு"ன்னு அழுதேன்.

அக்கா முந்தானையில கையைத் துடைச்சுது.

"விடுடி. எதிர் வூட்டுப் பொண்ணு ஆசையாப் பாத்துச்சு, வரும்போது குடுத்துட்டேன். அது வயசுக்கு எடுப்பா கீது."