கை தூக்கிய நேரம்

பிள்ளைகளா, வேடசந்தூர் மில் கால்பந்து டீமில் நான் தடுப்பு ஆட்டக்காரன். அன்று தோற்றால் டீமைக் கலைப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

மில் இரைச்சலில் பழகிய எங்களுக்கு மைதானத்திலும் கைச்சாடைதான். நான் கை தூக்கினால், தடுப்பு ஆட்டக்காரர்கள் நால்வரும் ஒன்றாக முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் விடுவோம்; பந்தை உதைக்கும்போது எங்களைத் தாண்டி நிற்பவன் கோல் போட்டாலும் செல்லாது. எங்களுக்குப் பின்னால் கோல் வரை வெற்றிடம்.

எதிரணி வேகக்காரன் எங்கள் வரிசையோடு ஒட்டி நின்று, அவன் கூட்டாளி பந்தை உதைத்த கணத்தில்தான் ஓடினான். எங்கள் நால்வரில் என் கையைத் திரும்பிப் பார்த்த ஒருவன் ஓரடி பிந்திவிட்டதால் அது ஆஃப்சைடும் இல்லை. எல்லைக்கோட்டு நடுவரின் கொடி எழும் என்று நான் கையைத் தூக்கியபடியே நின்றேன்.

"ஏலே, கைய எறக்கிட்டு ஓடுலே!" என்று கோல்கீப்பர் கத்தினான்.

திரும்பியபோது பந்து வலைக்குள் கிடந்தது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

மறுநாள் மில்லில் டீமைக் கலைத்து, ஜெர்சியைத் திரும்பக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.