தன் ரத்தத்தில் சாயம் பார்த்தவர்

என் அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். கூடத்தில் அவரை 'ஊசி' என்பார்கள். கை மெதுவாகத்தான் குத்தும், வாய்தான் சுருக்கென்று குத்தும்.

அணுக்களை நிறமேற்றிக் காட்டும் சாயத்தில் புதுப் புட்டியைத் திறந்தால், நோயாளியின் ரத்தத்தில் அதைச் சோதிக்க மாட்டார். தன் விரலைக் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஏற்றிப் பார்ப்பார். நல்ல ரத்தம் சரியாகத் தெரிந்தால்தான் சாயத்தை நம்பலாம். தன் ரத்தம் நல்ல ரத்தம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

போன வருடம் அப்படி இழுத்த தகட்டில் கரு உள்ள சிவப்பணுக்கள் தெரிந்தன. சிவப்பணு தன் கருவை எலும்பு மஜ்ஜையிலேயே கழற்றிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வரும். பிறந்த குழந்தையிடம் சில தென்படலாம், பெரியவர்களிடம் கூடாது. குழந்தைகள் வார்டுத் தகடு மாறிவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார். மறுபடி விரலைக் குத்தினார். மறுபடியும் அதேதான்.

தகட்டைக் கூடத்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் வைத்தார். மற்றதை, துக்கம் கேட்க வந்தபோது அந்த அம்மாவே சொன்னார்.

"குழந்தையா?" என்று கேட்டாராம்.

"இல்ல மேடம். ஐம்பது தாண்டின ஆம்பள."

ரத்தம் நிறையப் போயிருக்கிறதா, மூச்சுத் திணறலா என்று விசாரித்திருக்கிறார். அப்படியென்றால் மஜ்ஜை அவசரத்தில் இப்படி அனுப்பும். எதுவும் இல்லை என்றார் அண்ணன். கண்ணீர்த்துளி போல வால் நீண்ட அணுக்களும், முதிராத வெள்ளையணுக்களும் கூடவே இருந்தன.

"அப்ப மஜ்ஜைக்குள்ள ஏதோ புகுந்திருக்கு. சீக்கிரம் அவங்க வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க."

"அவரே வந்திருக்காரு மேடம். உங்க எதிர்ல உட்கார்ந்திருக்காரு."

டாக்டரம்மா நெடுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று சொல்லி அழுதார்.

மஜ்ஜையை உறிஞ்சப் போட்ட ஊசி வெறுமையாக வந்தது. பிறகு எடுத்த எலும்புத் துண்டில் புற்றுநோய் இருந்தது. புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கி எலும்புக்குப் பரவியது. அதுவரை முதுகுவலிக்கெல்லாம் கூடத்து ஸ்டூலையே குற்றவாளியாக்கி வைத்திருந்தார்.

அண்ணியிடம் வேறு யாரும் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டு, சமையலறையில் தானே சொன்னார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"உள்ள வேற யாரோ குடி வந்துட்டாங்க. இடம் இல்லாம, வளராத பிள்ளைங்களைக்கூட மஜ்ஜை வெளிய அனுப்புது."

அண்ணி அடுப்பை அணைத்தார். "காலி பண்ண வைக்க முடியாதா?"

"முடியாது. கொஞ்ச நாள் அடக்கி வைக்கலாம்."

"எவ்வளவு நாள்?"

அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடக்கித்தான் வைத்தார்கள். அடுத்த மழைக்காலம் வரை.