கூரைக்குப் போன உருளைக்கிழங்குக்கு ஐந்து நட்சத்திரம்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பச்சைக்கிளி. பேச்சுக்காக வந்த பெயர் அல்ல. அவள் காட்டும் திரை எந்நேரமும் பச்சையாக இருந்ததால் வந்தது. இணையத்தில் பாத்திரம் விற்கும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் எழுதும் விமர்சனங்களைக் கணினியே படித்து, மகிழ்ச்சியைப் பச்சையிலும் கோபத்தைச் சிவப்பிலும் போடும். சொன்னதில் தனக்கு எவ்வளவு நிச்சயம் என்றும் பக்கத்தில் குறிக்கும். அது தயங்கியவை மட்டுமே இவள் மேஜைக்கு வரும். நிச்சயமானதை மனிதர் மறுபடி படிப்பது வெட்டி வேலை என்று யோசனை சொன்னவளே இவள்தான். அதற்காக ஒரு பூங்கொத்துகூடக் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்டவள் சொந்த அக்காவுக்குப் பரிசளிக்க எந்தக் குக்கரைத் தேர்ந்தெடுப்பாள்? திரையில் அடர்பச்சையாக மின்னியதைத்தான்.

மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது அக்கா அழைத்தாள்.

"என்னடி, உங்க கம்பெனிக்கு என் மேல ரொம்பப் பாசம்போல."

"ஏன்க்கா?"

"குக்கர் மூடி பறந்துச்சுன்னு எழுதினேன். 'உங்கள் மகிழ்ச்சியில் நாங்களும் பங்கேற்கிறோம்'னு பதில் வந்திருக்கு. இன்னொண்ணு வாங்கத் தள்ளுபடி வேற."

"மூடி பறந்துச்சா? உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஹால்ல இருந்தேன். அடுப்புகிட்ட நின்னிருந்தா, நீ இப்ப என் போட்டோகிட்டதான் பேசிட்டிருப்ப."

"எனக்கு உடனே சொல்லியிருக்கலாம்ல?"

"அதான் எழுதினேனே. படிக்கிறதுதானே உன் வேலை?"

டப்பாவை மூடிவிட்டு விமர்சனத்தைத் தேடி எடுத்தாள். தமிழும் ஆங்கிலமும் கலந்து, அத்தனையையும் ஆங்கில எழுத்திலேயே அடித்திருந்தாள் அக்கா: 'சூப்பர் குக்கர். மூடி நேரா சீலிங் வரைக்கும் போச்சு. மேல உருளைக்கிழங்கு டெகரேஷன் பியூட்டிஃபுல். தேங்க் யூ, லைஃப்ல மறக்கமாட்டேன்.' கீழே ஐந்து நட்சத்திரம். பக்கத்தில் கணினியின் தீர்ப்பு: மகிழ்ச்சி. நிச்சயத்தில் அநேகமாகக் குறையே இல்லை.

"அஞ்சு நட்சத்திரம் ஏன்க்கா குடுத்த?"

"கிண்டல்னா முழுசாப் பண்ணணும்டி. படிக்கிறவனுக்குப் புரியும்னு நெனச்சேன். படிக்க ஆளே இல்லைன்னு யார் கண்டா?"

பச்சைக்கிளி அந்தக் கணினியைப் பழக்கிய இன்ஜினியரின் இருக்கைக்கு ஓடினாள். சோடாபுட்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் படித்தார்.

"சூப்பர், பியூட்டிஃபுல், தேங்க் யூ. இது பழகினது பெரும்பாலும் ஆங்கில விமர்சனத்துல. அங்க இந்த வார்த்தைங்க வந்தா நிஜமாவே சந்தோஷமாத்தான் இருக்கும். நடுவுல இருக்கிற தமிழை ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங்ல அடிக்கிறாங்க. அது துண்டுதுண்டா உடைச்சுப் பாக்குது, ஒண்ணும் விளங்கறதில்ல."

"மூடி சீலிங்குக்குப் போனா யாருங்க சந்தோஷப்படுவா?"

"அது நமக்குத் தெரியும். மூடி எங்க இருக்கணும்னு அதுக்கு யாரும் பாடம் எடுக்கலையே."

"தெரியலைன்னா தயங்கணும்தானே?"

"தெரியலைங்கிறதும் அதுக்குத் தெரியாது மேடம். நம்ம மேனேஜர் மாதிரி."

சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை. 'மூடி' என்ற சொல்லை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதமாகவும் அடித்துத் தேடினார்கள். பச்சைக்குள்ளிருந்து வரிசையாக வந்தன. 'வாவ், மூடி பக்கத்து வீட்டுக்கு குட் மார்னிங் சொல்லிட்டு வந்துச்சு.' 'பெஸ்ட் சேஃப்டி, கண்ணு மட்டும் மயிரிழையில தப்பிச்சுது.' 'குட்னு சொல்ல இதுல ஒண்ணுமே இல்ல.' அந்தக் கடைசி வரியில் கணினி 'குட்'டைப் பிடித்துக்கொண்டு, 'இல்ல'யை வழியிலேயே விட்டுவிட்டிருந்தது. எல்லாமே நிச்சயமான மகிழ்ச்சி. அதனால் ஒன்றுகூட அவள் மேஜைக்கு வந்ததில்லை. அவள் போட்ட ஏற்பாடு அப்படி.

அந்தக் குக்கருக்கு அன்று மாலைதான் பெரிய தள்ளுபடி விற்பனை. கூட்ட அறைக்குள் நுழைந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். சுவரில் விளம்பரப் படம். குக்கருக்கு மேலே பெரிய எழுத்தில்: 'லைஃப்ல மறக்கமாட்டேன்!' விளம்பரக்காரர்கள் ஆக நிச்சயமான பச்சையிலிருந்துதான் வாசகம் பொறுக்குவார்கள்.

"இந்த விற்பனையை நிறுத்தணும் சார்."

"எல்லாம் பச்சையா இருக்கேம்மா" என்றார் மேனேஜர்.

அவள் அக்காவின் விமர்சனத்தை அக்காவின் இழுப்போடு, அக்காவின் நிறுத்தத்தோடு உரக்கப் படித்தாள். தொடர்ந்து மற்றவற்றையும். கண் தப்பிய வரி வந்தபோது விளம்பரக்காரி எழுந்து சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள். மேனேஜர் தண்ணீரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

விற்பனை நின்றது. வாங்கியவர்கள் எல்லோருக்கும், குக்கரைத் தொட வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று செய்தி போனது.

"நிச்சயமானதை யாரும் படிக்க வேண்டாம்னு ஏற்பாடு பண்ணினது யாரு?" என்று கேட்டார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"ரொம்ப நல்ல வேலை பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவை அழைத்தாள்.

"'ரொம்ப நல்ல வேலை'ன்னாரு மேனேஜர். பாராட்டினாரா, திட்டினாரான்னே தெரியலக்கா."

"எந்த மூஞ்சியோட சொன்னாரு?"

"மூஞ்சியில ஒண்ணுமே இல்ல."

"அப்ப உங்க கம்ப்யூட்டரைக் கேளு. அது நிச்சயமாச் சொல்லும்."